பழக்கக் கணக்குச் செயலி: நிரல் எழுதும் முன் தாளில் முடிக்க வேண்டியவை

காலையில் நடந்தோமா, பத்துப் பக்கம் படித்தோமா, மாத்திரை போட்டோமா என்று தினமும் குறித்துக்கொள்ளும் செயலியைத்தான் நிரல் எழுதப் பழகுகிறவர்கள் பலரும் முதலில் கையில் எடுக்கிறார்கள். ஒரு பட்டியல், பக்கத்தில் ஒரு டிக் பெட்டி, மேலே 'தொடர்ந்து 23 நாள்' என்று ஓர் எண். திரை சீக்கிரம் வந்துவிடும். தொல்லை அதன்பிறகுதான் தொடங்கும். "நேற்று நடந்தேன், ஆனால் தொடர்ச்சி பூஜ்யம் என்று காட்டுகிறதே?" என்று ஒருவர் கேட்பார். அதற்குள் நூறு பேருடைய பதிவுகள் தவறான வடிவத்தில் சேர்ந்திருக்கும்.

கோவையிலும் திருப்பூரிலும் தெரிந்தவர்கள் பயன்படுத்துவதற்காக இப்படி ஒரு செயலியைக் கட்டினேன். ஓடிக்கொண்டிருக்கும் செயலியின் தரவு அமைப்பை மாற்றுவது எவ்வளவு பாடு என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். நீங்கள் அந்தப் பாடு படத் தேவையில்லை. கீழே உள்ளவற்றைத் தாளில் முடிக்க இரண்டு வார இறுதிகள் போதும். அதுவரை கணினியைத் திறக்காதீர்கள்.

## 1. மூன்று பேரின் வாரத்தை எழுதி வாங்குங்கள்

உங்களைப் போல ஒன்பது மணிக்கு அலுவலகம் போகிறவர்களை மட்டும் மனத்தில் வைத்தால் அமைப்பு அவர்களுக்கு மட்டுமே பொருந்தும். அதனால் வாழ்க்கை நேரம் வேறுபடும் மூன்று பேரைப் பிடியுங்கள். நம் பக்கத்தில் இதற்குப் பஞ்சமில்லை. அதிகாலை ஐந்து மணிக்கு ரேஸ்கோர்ஸில் நடப்பவர் ஒருவர், நூல் மில்லில் இரவு ஷிப்ட் பார்ப்பவர் ஒருவர், பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் சீட்டுப் பணத்தை எடுத்து வைக்க நினைப்பவர் ஒருவர்.

எந்தப் பழக்கம், எந்தக் கிழமை, எத்தனை மணிக்குச் செய்கிறார்கள், எத்தனை மணிக்குத் தூங்குகிறார்கள், எந்த நாள் விட்டாலும் பரவாயில்லை என்று நினைக்கிறார்கள் என்பதைக் கேட்டு, ஆளுக்கு ஒரு தாளில் ஒரு வாரத்துக்கு எழுதுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு விதியையும் இந்த மூன்று தாளில் வைத்துத்தான் சோதிக்கப் போகிறோம்.

## 2. 'இன்று' எப்போது தொடங்குகிறது என்று முடிவு செய்யுங்கள்

செயலியின் பாதித் தவறுகள் இந்த ஒரு கேள்வியில் இருக்கின்றன. அவசரப்படாதீர்கள்.

நேரத்தை உலகப் பொது நேரமான UTC-யில் சேமிப்பது நல்ல பழக்கம் என்று எல்லோரும் சொல்வார்கள். நேரத்துக்கு அது சரி. தேதியையும் அதிலிருந்தே எடுத்தால் வில்லங்கம். இந்திய நேரம் UTC-யைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. நம் காலை 5:30-க்குத்தான் அங்கே நள்ளிரவு. எனவே இங்கே 5:30-க்கு முன் செய்யும் எதுவும் அங்கே முந்தைய நாளின் தேதியில் விழும்.

ரேஸ்கோர்ஸில் நடப்பவரின் தாளை எடுத்துப் பாருங்கள். திங்கள் காலை 5:10-க்கு டிக் அடிக்கிறார். UTC-யில் அது ஞாயிறு 23:40. செவ்வாய் கொஞ்சம் தூங்கிவிட்டு 5:45-க்கு அடிக்கிறார். அது செவ்வாய் 00:15. இரண்டு நாளும் நடந்திருக்கிறார், ஆனால் தரவில் திங்கள் காலியாக இருக்கிறது. தொடர்ச்சி அறுந்துவிட்டது. நீங்கள் பகலில் மட்டும் உட்கார்ந்து சோதித்தால் இந்தப் பிழை கண்ணில் படவே படாது.

உள்ளூர்த் தேதியை எடுத்தாலும் வேலை முடியவில்லை. இரவு பத்துப் பக்கம் படிப்பவர் புத்தகத்தை மூடும்போது மணி 12:20 ஆகியிருக்கலாம். அவருக்கு அது நேற்றைய கணக்கு. அதனால் நாள் மாறும் நேரத்தை ஒவ்வொரு பயனரும் அமைத்துக்கொள்ள விடுங்கள். இயல்பாக அதிகாலை 3 மணி என்று வைக்கலாம்.

```
for_date = date(local_time - day_start)
```

இரவு ஷிப்ட்காரருக்கு இதே சூத்திரம் வேலை செய்கிறதா என்று பார்ப்போம். பத்து மணிக்கு உள்ளே போய் காலை ஆறு மணிக்கு வெளியே வருகிறார். வீட்டுக்கு வந்து ஏழு மணிக்குச் சிறிது நேரம் படித்துவிட்டுத் தூங்குகிறார், பிற்பகல் மூன்றுக்கு எழுகிறார். அவருடைய நாள் மாறும் நேரத்தைக் காலை 10 என்று வையுங்கள். புதன் காலை ஏழு மணியில் பத்து மணி நேரத்தைக் கழித்தால் செவ்வாய் இரவு ஒன்பது. அந்தப் படிப்பு செவ்வாய்க் கணக்கில் சேர்கிறது. அவரும் அதைத்தான் செவ்வாயின் வேலையாக நினைக்கிறார்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு.

ஷிப்ட் அடுத்த வாரம் பகலுக்கு மாறும், அவர் நாள் மாறும் நேரத்தையும் மாற்றுவார். பழைய பதிவுகளின் தேதியைப் புதிய நேரத்தை வைத்து மறுபடி கணக்கிட்டால் போன வாரம் முழுவதும் இடம் பெயர்ந்துவிடும். எனவே டிக் அடித்த அந்த நொடியிலேயே தேதியை முடிவு செய்து பதிவில் எழுதிவிடுங்கள். அதன்பின் செயலி தானாக அதைத் தொடக்கூடாது. துபாய்க்கு வேலைக்குப் போகிறவருக்கும் இதே விதி காப்பு. அங்கே நேரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால் என்றாலும் ஊரில் பதிந்தவை ஊர்த் தேதியிலேயே நிற்கும்.

இரண்டாவது பொறி, மாற்றும் நொடி. திங்கள் காலை 9 மணிக்கு ஒருவர் 3 என்பதை 10 ஆக்கினால், சூத்திரப்படி 'இன்று' திடீரென ஞாயிறுக்குப் பின்னோக்கிப் போகும். 'இன்று' ஒருபோதும் பின்னால் நகரக் கூடாது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். புதிய கணக்கு முந்தைய தேதியைத் தந்தால், அது எட்டிப் பிடிக்கும்வரை தற்போதைய தேதியே நீடிக்கட்டும்.

## 3. நடந்ததை மட்டும் பதியுங்கள்

பால் சொசைட்டி நோட்டில் காலை எத்தனை லிட்டர், மாலை எத்தனை லிட்டர் என்றுதான் எழுதுவார்கள். பணம் எவ்வளவு என்பது பட்டுவாடாவின்போது அந்த வரிகளிலிருந்து கணக்கிடப்படும். ஒரு வரி தவறு என்று தெரிந்தால் வரியைத் திருத்தினால் போதும், தொகை தானே சரியாகிவிடும். உங்கள் தரவும் அப்படி இருக்க வேண்டும். 'தொடர்ச்சி 23' என்று ஒரு கட்டம் வைத்து, டிக் அடிக்கும்போதெல்லாம் ஒன்று கூட்டாதீர்கள். ஒருவர் நேற்றைய டிக்கை இன்று நீக்கினால் அந்த எண்ணை எவ்வளவு குறைப்பது என்று யாருக்கும் தெரியாது.

நான்கு அட்டவணைகள் போதும்:

```
habits    (id, name, created_on, archived_on)
rules     (habit_id, from_date, kind, days, target)
entries   (id, habit_id, for_date, status, amount,
           recorded_at, utc_offset, deleted_at)
reminders (habit_id, at_local, enabled)
```

`entries` அட்டவணையில் `for_date` என்பது எந்த நாளின் கணக்கு, `recorded_at` என்பது எப்போது அழுத்தினார். இரண்டும் வேண்டும். `status` கட்டத்தில் செய்ததற்கு `done`, பயனரே விலக்கு போட்ட நாளுக்கு `excused` என்று இரண்டே மதிப்புகள். 'விடுபட்டது' என்று எதையும் எழுதாதீர்கள். நள்ளிரவில் ஒரு வேலையை ஓடவிட்டு, டிக் இல்லாத பழக்கங்களுக்கெல்லாம் 'விடுபட்டது' என்று வரி போடும் அமைப்புகளைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் போன் அணைந்திருந்தால் வரி விழாது. பிறகு பதிவே இல்லாத நாள், விடுபட்ட நாள் என்று இரண்டு வகை உருவாகிக் குழப்பும்.

ஒரு நாளுக்கு ஒரு வரியா, ஒரு தட்டலுக்கு ஒரு வரியா என்று கேட்பீர்கள். தட்டலுக்கு ஒன்று என்பது என் கருத்து. எட்டு டம்ளர் தண்ணீர் குடிப்பதைக் குறிப்பவர் போனில் மூன்று, டேப்லெட்டில் இரண்டு என்று இணையம் இல்லாமல் தட்டியிருந்தால், நாளுக்கு ஒரே வரி வைத்த அமைப்பில் ஒன்று மற்றொன்றை அழித்துவிடும். தனித்தனி வரிகள் என்றால் கூட்டி ஐந்து என்று சொல்லலாம். `id` எண்ணைப் போனிலேயே, வேறெந்த வரியோடும் மோதாத UUID ஆக உருவாக்குங்கள். இணையம் வந்ததும் அதே வரி இரண்டு முறை அனுப்பப்பட்டாலும் ஒன்றாகவே சேரும். நீக்கும்போது வரியை அழிக்காமல் `deleted_at` போடுங்கள், இல்லையேல் மற்றக் கருவி அதை மறுபடி உயிர்ப்பித்துக் கொண்டுவரும்.

`rules` அட்டவணை ஏன் தனியாக இருக்கிறது, அதில் `from_date` எதற்கு என்பது அடுத்த படியில் தெரியும். `kind` கட்டத்தில் தினமும், குறித்த கிழமைகள், வாரத்துக்கு இத்தனை முறை, குறித்த தேதிகள் என்று நான்கு வகை வையுங்கள். நான்காவது வகையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அமாவாசை விரதம் எந்தக் கிழமையிலும் அடங்காது. அதற்குத் தேதிப் பட்டியல்தான் கொடுக்க வேண்டும்.

## 4. தொடர்ச்சி விதிகளை வாக்கியமாக எழுதுங்கள்

எந்தப் பழக்கத்துக்கும் எந்த நாளும் ஐந்து நிலைகளில் ஒன்றில் இருக்கும். செய்தது, விலக்கு, கணக்கில்லாத நாள், விடுபட்டது, காத்திருப்பது. முதல் இரண்டும் பதிவிலிருந்து வரும். மூன்றாவது நிலை பழக்கத்தின் விதியிலிருந்து வரும். நாள் முடிந்தும் பதிவு இல்லையென்றால் விடுபட்டது. நாள் இன்னும் முடியவில்லையென்றால் காத்திருப்பது, அது இன்று ஒன்றுதான்.

இன்றிலிருந்து பின்னோக்கி நடங்கள். செய்ததற்கு ஒன்று கூட்டுங்கள். காத்திருப்பது, விலக்கு, கணக்கில்லாத நாள் மூன்றையும் கூட்டாமல் தாண்டுங்கள். விடுபட்டது வந்தால் நில்லுங்கள்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் போடுவோம். பெருந்துறையில் அலுவலக வேலை பார்க்கும் ஒருவரின் காலை நடை, திங்கள் முதல் வெள்ளி வரை. இன்று 2026 ஜனவரி 21, புதன், காலை 9 மணி. இன்னும் நடக்கவில்லை.

| ஜனவரி | கிழமை | நிலை |
|---|---|---|
| 9 | வெள்ளி | விடுபட்டது |
| 10, 11 | சனி, ஞாயிறு | கணக்கில்லை |
| 12, 13, 14 | திங்கள் – புதன் | செய்தது |
| 15, 16 | பொங்கல், மாட்டுப் பொங்கல் | விலக்கு |
| 17, 18 | சனி, ஞாயிறு | கணக்கில்லை |
| 19, 20 | திங்கள், செவ்வாய் | செய்தது |
| 21 | புதன் | காத்திருப்பது |

புதனைத் தாண்டி, செவ்வாய், திங்கள் இரண்டு. சனி, ஞாயிறும் பொங்கல் நாள்கள் இரண்டும் தாண்டல். 14, 13, 12 மூன்று. 9-ஆம் தேதியில் நிற்கிறோம். தொடர்ச்சி 5.

இப்போது அவர் உற்சாகமாகி, "இனி சனிக்கிழமையும் நடக்கிறேன்" என்று 19-ஆம் தேதி விதியை மாற்றியிருந்தால்? விதியைப் பழக்கத்தின் வரியிலேயே ஒரு கட்டமாக வைத்திருந்தால் பழைய விதி அழிந்து, 17-ஆம் தேதி சனி 'விடுபட்டது' ஆகிவிடும். ஐந்து இரண்டாகக் குறையும். கூடுதலாக உழைக்க முன்வந்தவருக்குத் தண்டனை கிடைக்கிறது. `from_date` இருந்தால் 18 வரை பழைய விதி, 19 முதல் புதிய விதி, தொடர்ச்சி 5 ஆகவே நிற்கும். இந்த அட்டவணையைத் தாளில் வைத்திருங்கள், பிறகு இதுவே உங்கள் முதல் சோதனை நிரல்.

இன்னும் மூன்று முடிவுகளை இங்கேயே எழுதிவிட வேண்டும்.

பின்தேதியிட்டுக் குறிக்க எத்தனை நாள் அனுமதி? இரண்டு நாள் என்பது என் யோசனை. போன் சார்ஜ் தீர்ந்தது, மறந்துவிட்டது போன்றவற்றுக்கு அது போதும். அதற்கு மேல் திறந்துவிட்டால் மாதக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக டிக் அடிப்பார்கள், கணக்குக்கு மதிப்பிருக்காது.

விலக்கை யார் முடிவு செய்வது? பயனர்தான். பண்டிகைப் பட்டியலைச் செயலிக்குள் பொதித்து நாமே விலக்கு கொடுக்கக் கூடாது. மாட்டுப் பொங்கலன்று தொழுவத்து வேலை தலைக்கு மேல் இருக்கும் வீட்டில் நடைக்கு விலக்கு வேண்டும். மாத்திரை போடுவதற்கு அன்றும் விலக்கு கிடையாது.

பாதி செய்தால்? எட்டு டம்ளர் இலக்கில் ஆறு குடித்தால் தொடர்ச்சிக்குக் கணக்கில்லை, ஆனால் அந்த ஆறு என்ற எண் வரைபடத்தில் தெரியட்டும். இலக்கும் விதியின் பகுதி என்பதால் அந்தந்த நாளுக்கு நடப்பில் இருந்த இலக்கோடுதான் ஒப்பிட வேண்டும்.

## 5. வாரக் கணக்கை நாள் கணக்கோடு கலக்காதீர்கள்

'வாரம் மூன்று முறை' என்ற பழக்கத்தில் எந்த ஒரு நாளும் தனியாக விடுபட முடியாது. வாரம்தான் விடுபடும். எனவே தொடர்ச்சியின் அலகும் வாரம்தான், திரையில் '6 வாரம்' என்றே காட்டுங்கள். வாரம் திங்களில் தொடங்குகிறதா ஞாயிறிலா என்பதை ஒரு முறை தீர்மானியுங்கள். நடப்பு வாரம் முடியும்வரை காத்திருப்பு நிலை. வெள்ளிக்கிழமை பழக்கத்தை உருவாக்கியவருக்கு அந்த அரைகுறை வாரத்தை விடுபட்டதாகக் காட்டாதீர்கள். மூன்று முறை செய்து முடித்தால் கூட்டுங்கள், இல்லையேல் தாண்டிவிடுங்கள். விதியை வாரத்தின் நடுவில் மாற்றினால் அடுத்த வாரம் முதல் நடப்புக்கு வரட்டும்.

சனிக்கிழமை சீட்டுப் பணம் எடுத்து வைப்பவரின் பழக்கம் வாரக் கணக்கு போலத் தெரியும். அது குறித்த கிழமைப் பழக்கம். சம்பளம் திங்களுக்குத் தள்ளிப்போனால் என்ன செய்வார் என்று அவரிடமே கேளுங்கள். "எப்போது வந்தாலும் எடுத்து வைப்பேன்" என்றால் அது வாரம் ஒரு முறை.

## 6. நினைவூட்டலைத் தனி விதியாக எழுதுங்கள்

நினைவூட்டலின் நேரத்தை `05:00` என்று சுவர்க் கடிகார நேரமாகவே சேமியுங்கள். UTC நொடியாகச் சேமித்தால் துபாய் போனவருக்கு அதிகாலை 3:30-க்கு மணி அடிக்கும்.

அடிக்கும் முன் மூன்று கேள்விகள். இன்று கணக்குள்ள நாளா? விலக்கு போட்டிருக்கிறாரா? ஏற்கெனவே செய்துவிட்டாரா? நடந்து முடித்து வந்தவரிடம் "நடக்கவில்லையா?" என்று கேட்கும் செயலியை இரண்டாவது நாளே அமைதியாக்கிவிடுவார்கள். இரவு 1 மணிக்கு நினைவூட்டல் வைத்தவருக்கு 'இன்று' எது என்பதையும் இரண்டாம் படியின் சூத்திரத்தைக் கொண்டே பாருங்கள். இல்லாவிட்டால் இன்னும் தொடங்காத நாளைப் பார்த்து, செய்து முடித்தவரை எழுப்பும்.

போன்களின் கட்டுப்பாடுகள் இங்கே வடிவமைப்பையே மாற்றிவிடும் என்பதால் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்பு காட்டவே பயனரின் அனுமதி வேண்டும். இரண்டு முறை மறுத்துவிட்டால் மறுபடி கேட்க முடியாது, அமைப்புகளுக்குள் போய்த்தான் திறக்க வேண்டும். எனவே செயலியைத் திறந்ததும் கேட்காதீர்கள். முதல் நினைவூட்டலை அவர் வைக்கும் நொடியில் கேளுங்கள்.

நொடி பிசகாமல் அடிக்கும் அலாரத்துக்கு `SCHEDULE_EXACT_ALARM` என்ற தனி அனுமதி தேவை. ஆண்ட்ராய்டு 14-இல் புதிதாக நிறுவப்படும் பெரும்பாலான செயலிகளுக்கு அது இயல்பாகக் கிடைப்பதில்லை. நடைப் பயிற்சி நினைவூட்டல் பத்து நிமிடம் தாமதமானால் ஒன்றும் குடிமுழுகாது. தாமதத்தை ஏற்கும் அலாரத்தையே முதலில் வடிவமையுங்கள். மாத்திரைக்கு மட்டும் துல்லியம் வேண்டுமென்றால் அந்த அனுமதியை அந்தப் பழக்கத்துக்காகக் கேட்கலாம்.

போனை அணைத்துப் போட்டால் ஆண்ட்ராய்டில் வைத்த அலாரங்கள் அனைத்தும் அழிந்துவிடும். போன் எழுந்ததும் மறுபடி வைக்க வேண்டும். டிக் அடித்தபோது, விதி மாறியபோது, நேர மண்டலம் மாறியபோது, செயலி புதுப்பிக்கப்பட்டபோது என்று அலாரங்களை மறுபடி வைக்க வேண்டிய தருணங்களைப் பட்டியலாக எழுதி வையுங்கள்.

ஐபோனில் ஒரு செயலிக்கு 64 உள்ளூர் அறிவிப்புகள் வரைதான் காத்திருக்க முடியும். எட்டுப் பழக்கம், ஏழு நாளுக்கு முன்கூட்டி வைத்தால் 56, அடங்கிவிடும். பத்துப் பழக்கம் என்றால் 70, மிச்சம் சத்தமில்லாமல் கைவிடப்படும். தினமும் திரும்பும் அறிவிப்பு வைத்தால் எண்ணிக்கை குறையும், ஆனால் செய்து முடித்த நாளில் மட்டும் அதை நிறுத்த முடியாது. பழக்கம் கூடக் கூட முன்கூட்டி வைக்கும் நாள்களைக் குறைப்பதுதான் வழி. பத்துப் பழக்கத்துக்கு ஆறு நாள். செயலி திறக்கும்போதெல்லாம் அடுத்த ஆறு நாளை நிரப்பிக்கொள்ளட்டும்.

## 7. ஆவணம், செலவு, நாள்

கையில் இருக்க வேண்டிய தாள்கள்: மூன்று பேரின் வாரம், அட்டவணைகள், தொடர்ச்சி விதிகளும் போட்டுப் பார்த்த உதாரணமும், நினைவூட்டல் பட்டியல். குறைந்தது ஆறு உதாரணங்கள் போடுங்கள். நாள் மாறும் நேரத்தைத் தொட்டுக்கொண்டு ஒன்று, நீக்கிய டிக் ஒன்று, பின்தேதிக் குறிப்பு ஒன்று கட்டாயம் வேண்டும். விடையை முதலில் அந்த மூன்று பேரிடம் கேட்டு எழுதுங்கள். அவர்கள் சொல்வதும் உங்கள் விதி தருவதும் வேறானால் விதியைத்தான் மாற்ற வேண்டும்.

தாளுக்கு ஒரு நோட்டு விலை. வெளியிடும்போது கூகுள் ப்ளேயில் கணக்குத் திறக்க ஒரே ஒரு முறை 25 டாலர், ஆப்பிளில் ஆண்டுக்கு 99 டாலர். கூகுளில் அடையாளச் சரிபார்ப்புக்கு அரசு அடையாள அட்டையும் முகவரியும் கேட்பார்கள். தனியுரிமைக் கொள்கைக்கு ஓர் இணைய முகவரியும், எந்தத் தரவை எடுக்கிறோம் என்ற படிவமும் வேண்டும். மூன்றாம் படியின் அட்டவணை கையில் இருந்தால் அந்தப் படிவத்தை நிரப்புவது எளிது.

கூகுள் ப்ளேயில் 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், பொதுவெளியில் விடும் முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் சேர்ந்திருக்க வேண்டும். நடுவில் ஆள் குறைந்தால் நாள் கணக்கு சிக்கலாகும், அதனால் பதினைந்து பதினாறு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களில் இரவு ஷிப்ட்காரரும் ஐந்து மணிக்கு நடப்பவரும் இருக்கட்டும். 14 நாளில் இரண்டு வார இறுதி வரும். அந்த நாள்களில் ஒரு நாள் எல்லோரையும் போனை அணைத்துப் போடச் சொல்லுங்கள், இன்னொரு நாள் ஒரு டிக்கை நீக்கிவிட்டு மறுநாள் திரும்பப் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு மாலையும் அவர்கள் திரையில் தெரியும் எண்ணை வாங்கி, தாளில் நீங்கள் போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள்.